நிழலில் நிற்கும் நெருப்பு

காலை ஆறரை மணி. மேற்கு மாம்பலத்தின் அந்தக் குறுக்குத் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் போய்விட்டார், பள்ளி வேன் இன்னும் வரவில்லை. வேப்ப மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டிய நான்கு சக்கர வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் திறந்த இஸ்திரிப் பெட்டி. அடியில் நேற்று அணைத்து வைத்த கரித்துண்டுகள், அதன் மேல் புதுக் கொட்டாங்கச்சிக் கரி, நடுவில் ஒரு கற்பூரத் துண்டு. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய காலண்டர் அட்டையால் விசிறத் தொடங்குகிறார்.

"நேத்து அணைச்ச கரிதான் சார் முதல்ல பிடிக்கும். புதுசு கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்கிறார்.

கரி முழுக்கக் கங்காக இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் அவர் மனைவி மூன்று மாடி ஏறி இறங்கி நான்கு மூட்டைகளோடு வந்துவிடுகிறார். இருவருக்கும் இந்த மரத்தடியில் 22 வருடம். தெருவில் எல்லோருக்கும் இவர் ‘அயர்ன் அண்ணன்’, அவர் ‘அயர்ன் அக்கா’. கட்டுரையில் பெயர் வேண்டாம் என்றார்கள்.

வீட்டுக்கு வீடு மின்சார அயர்ன் பாக்ஸ் இருக்கிறது. அது புதுமையான பொருளும் இல்லை, விலை கூடியதும் இல்லை. அப்படியிருந்தும் தெருமுனையில் இவர் ஏன் இன்னும் கரியை விசிறிக்கொண்டிருக்கிறார்? இந்தக் கேள்வியோடு மூன்று நாள் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பதில் பெட்டிக்குள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அது மரத்தடியில் இருந்தது.

திருகு இல்லாத பெட்டி

பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு கையால் தூக்கியதும் மணிக்கட்டு வளைந்துவிட்டது. கரியோடு சேர்த்து ஏழு கிலோ வரும். கீழே கனமான தட்டு, இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள், மேலே கீல் வைத்த மூடி, மூடியை இறுக்கும் கொக்கி, அதற்கு மேல் மரக் கைப்பிடி. அவ்வளவுதான். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பருத்தி, பட்டு, நைலான் என்று குறித்த திருகு இதில் கிடையாது. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இவரிடம் இருப்பவை கரியின் அளவும் காற்றின் திசையும்தான்.

பருத்தித் துணிக்கு ஏறக்குறைய 200 டிகிரி சூடு வேண்டும். பட்டுக்கு 150 போதும். நைலானும் அதைப் போன்ற செயற்கை இழைகளும் 110 டிகிரிக்கு மேல் தாங்காது என்பது துணிகளின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டுக் குறிகளின் கணக்கு. ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

அவர் செய்கிற வேலை எளிது. ஆனால் நானாக யோசித்திருக்க மாட்டேன். பெட்டியைத் துணிக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பதால், துணியைப் பெட்டிக்கு ஏற்ப வரிசைப்படுத்துகிறார். கரி நன்றாகப் பிடித்துக் கங்கு வெளுத்த முதல் அரை மணியில் பெட்டி உச்சச் சூட்டில் இருக்கும். அப்போது ஜீன்ஸ், கஞ்சி போட்ட வேட்டி, காட்டன் சேலை. சூடு சற்றுத் தணிந்ததும் சட்டைகள், பள்ளிச் சீருடைகள். கங்கு சாம்பல் பூத்து, பெட்டி சோர்ந்துபோகும் கடைசிக் கட்டத்தில் பாலியஸ்டர் சுடிதார், பேன்சி சேலை. பிறகு மூடியைத் திறந்து கரி போடுவார். மறுபடியும் ஜீன்ஸிலிருந்து தொடங்கும். ஒரு நாளில் இப்படி நான்கைந்து சுற்று வரும்.

சூட்டை அளக்க அவருக்கு விரல் நுனித் தண்ணீர் போதும். ஒரு சொட்டைத் தட்டின் மேல் தெறிக்கிறார். சொட்டு உருண்டையாகத் துள்ளி ஓடினால் காட்டனுக்குச் சரி. விழுந்த இடத்திலேயே ‘சுர்’ரென்று கொதித்து அடங்கினால் சட்டை தேய்க்கலாம். நிதானமாக ஆவியானால் பேன்சி துணி. அதற்குப் பிறகும் நம்பமாட்டார். வண்டியின் ஓரத்தில் கிடக்கும் பழைய துணியில் ஒருமுறை இழுத்துப் பார்த்த பின்புதான் அடுத்தவர் துணியில் வைப்பார்.

தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரிப் பெட்டியில் நீராவி வராது. அதனால் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலால் காட்டன் துணிகளை முன்கூட்டியே நனைத்துச் சுருட்டி வைக்கிறார் அக்கா. பத்து நிமிடத்தில் ஈரம் துணி முழுக்கச் சமமாகப் பரவிவிடும். ஈரம் இழையை இளக்கும். சூடும் கனமும் அதை நேராக்கும். ஈரம் போகும்போது அந்த நேர் அப்படியே நிற்கும். காய்ந்து முறுக்கேறிய காட்டனை எத்தனை முறை இழுத்தாலும் சுருக்கம் போகாமல் இருப்பதும், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எடுத்து வைத்துவிட்டால் மடிப்பு மறுபடி கசங்கிவிடுவதும் இதனால்தான்.

பிரித்தால் சேர்க்க வேண்டும்

துணி வகைப்படி வேலை செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு வீட்டு மூட்டையும் பிரிந்து கலந்துவிடும். எல்லாப் பள்ளிச் சீருடையும் ஒரே நிறம், எல்லா அலுவலகச் சட்டையும் வெள்ளை அல்லது வெளிர்நீலம். எது யார் வீட்டுடையது?

சலவைத் தொழிலில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. சேங்கொட்டையைக் குத்தினால் வரும் கறுப்புச் சாற்றைத் துணியின் ஓரத்தில் குறியாக வைத்து, சுண்ணாம்பு சேர்த்தால், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்தக் கறை போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தச் சலவைக்காரர் மட்டுமே. இன்று யாரும் தங்கள் சட்டைக் காலரில் கறுப்புக் குறியை விடமாட்டார்கள்.

அயர்ன் அக்காவின் முறை வேறு. ஒவ்வொரு மூட்டையையும் அந்த வீட்டுப் படுக்கை விரிப்பிலோ, பையிலோதான் வாங்குவார். துணிகளைப் பிரித்ததும் அந்த விரிப்பை வண்டியின் அடித்தட்டில் வரிசையாகப் போட்டுவிடுவார். தேய்த்து மடித்த ஒவ்வொன்றும் நேராகத் தன் விரிப்புக்குப் போகும். சந்தேகம் வருகிற சீருடைக்கு மட்டும் பொத்தான் துளையில் ஒரு நூல். சிவப்பு இரண்டாவது மாடி, பச்சை எதிர்வீடு. மற்றதெல்லாம் கண்ணில் இருக்கிறது. "இந்தச் சட்டையோட மூணாவது பட்டன் மாத்தித் தைச்சது. அந்த வீட்டுத் தம்பியோடது" என்று எடுத்துப் போடுகிறார்.

எண்ணிக்கை மட்டும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நோட்டு, அதுவும் அந்த வீட்டிலேயே இருக்கும். வாங்கும்போது எண்ணி எழுதி, கொடுக்கும்போது எண்ணி அடிப்பார்கள். துணி காணவில்லை என்ற பேச்சு வந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

துவைக்கவும் கொடுக்கலாமா என்று கேட்கிற வீடுகளும் உண்டு. கனமான போர்வை, ஜன்னல் திரை, கஞ்சி போட வேண்டிய வேட்டி, சேலை ஆகியவற்றை வாங்கி, துவைக்கும் இடம் உள்ளவரிடம் கொடுத்து வாங்கி, தேய்த்துத் தருகிறார். சென்னையில் சேத்துப்பட்டு, சைதாப்பேட்டை பகுதிகளின் சலவைத்துறைகளில் கல் மேல் அடித்துத் துவைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே துவைப்பவருக்குப் போவது போக, இவருக்குத் தேய்ப்புக் கூலியும் சுமந்து போய்வந்த கூலியும் மிஞ்சும்.

ஐந்நூறு ரூபாய் ஓட்டை

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் துணி கருகும். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை நடந்ததை அவர் மறைக்காமல் சொன்னார்.

அன்று மூட்டைகள் குவிந்து கிடந்தன. சுற்று முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. பெட்டியில் புதுக் கரி பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பேன்சி சேலையை எடுத்தார். பார்க்க காட்டன் சேலை மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். உடல் பகுதி நன்றாகவே வந்தது. முந்தானையில் சரிகைக் கட்டம் வந்ததும் பெட்டி ஒரு நொடி ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது சரிகை சுருண்டு, அதன் கீழே கட்டை விரல் அகலத்துக்குத் துணி உருகியிருந்தது.

அது உலோகச் சரிகை இல்லை, சரிகை மாதிரி மினுக்கும் செயற்கை இழை. "ஒட்டுற மாதிரி கைக்கு ஒரு தயக்கம் தெரியும் சார். அந்தத் தயக்கத்துல நிறுத்தினா பளபளப்புக் கறையோட போகும். நான் இழுத்துட்டேன்" என்றார். பாலியஸ்டர் கலந்த துணியில் முதலில் வருவது ஓட்டை இல்லை. அதிகச் சூட்டில் இழை லேசாகத் தட்டையாகி, சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல மின்னும். காட்டன் அப்படி மின்னாது, மஞ்சளாகும். மஞ்சள் லேசாக இருந்தால் துவைக்கும்போது போய்விடலாம். உருகியது திரும்பாது.

வீட்டுக்காரம்மா சேலையின் விலை 1,200 ரூபாய் என்றார். பேசிப் பேசி 500 ரூபாய்க்கு வந்தது. பணமாகக் கொடுக்க முடியாது என்பதால், அந்த வீட்டுத் துணியை 500 ரூபாய் கழியும்வரை கூலி இல்லாமல் தேய்த்துக் கொடுத்தார். சட்டைக்கு 12 ரூபாய் வீதம் 42 சட்டை. அதற்குப் பிறகு எல்லாச் சேலையின் முந்தானையும் மேலே ஒரு வெள்ளைக் காட்டன் துணி விரித்துத்தான் தேய்க்கப்படுகிறது. படம் அச்சிட்ட டீ-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பாமல் தொடுவதில்லை. அந்த அச்சு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெள்ளைச் சட்டையும் போய்விடும்.

கரிப் பெட்டிக்கே உரிய ஆபத்து சாம்பல். துளை வழியாகப் பறந்து ஈரத் துணியில் விழுந்தால் கறுப்புக் கோடு. கங்குத் தூள் தெறித்தால் குண்டூசித் துளை. அதனால் ஒவ்வொரு முறை கரி போட்ட பின்பும் பெட்டியைத் தெருப்பக்கம் கொண்டுபோய் ஆட்டித் தட்டிவிட்டு, ஈரச் சாக்கில் அடித்தட்டைத் துடைத்து, மெழுகு தேய்த்த துணியில் ஒருமுறை ஓட்டிய பின்புதான் பலகைக்கு வருகிறார். காற்று பலமாக அடிக்கும் நாளில் வெள்ளைத் துணியே எடுப்பதில்லை.

ஒரு நாளின் கணக்கு

நான் நின்ற நாட்களில் ஒன்று, வெள்ளிக்கிழமை. நல்ல வேலை உள்ள நாள் என்றார். அன்று தேய்த்தவை: பேண்ட், சட்டை, சீருடை சேர்த்து 90, குழந்தைகள் துணி, சின்னத் துணிகள் 24, சேலை 6. மொத்தம் 120.

சட்டை, பேண்டுக்கு 12 ரூபாய் வீதம் 1,080. சின்னத் துணிக்கு 8 வீதம் 192. சேலைக்கு 50 வீதம் 300. வரவு 1,572 ரூபாய். அன்று எரிந்த கரி 4 கிலோ, கிலோ 50 ரூபாய் வீதம் 200. மீதி 1,372. இது இரண்டு பேரின் கூலி. ஆளுக்கு 686 ரூபாய்.

நேரத்தையும் பார்க்கலாம். ஒரு சட்டைக்கு மூன்றரை நிமிடம், சின்னத் துணிக்கு இரண்டு, சேலைக்குப் பன்னிரண்டு என்று வைத்தால், பலகை முன் நிற்பது மட்டும் ஏழே கால் மணி நேரம். அதோடு தீ மூட்டுவது, கரி மாற்றுவது, மாடி ஏறி வாங்குவது, திரும்பக் கொடுப்பது என்று சேர்த்தால் பத்து மணியைத் தாண்டும். ஒரு துணிக்கு எட்டு முறை பெட்டியைத் தூக்கி வைக்கிறார் என்றால், அன்று ஏறக்குறைய ஆயிரம் முறை. ஏழு கிலோ வீதம், நாள் முழுக்க ஒரே தோள் தூக்கிய எடை ஏழு டன்னுக்குப் பக்கம். மாலையில் அவர் டீ கிளாஸை இடது கையால் பிடிப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லா நாளும் வெள்ளிக்கிழமை இல்லை. ஞாயிறு மாலை சீருடைக்காகக் குவியும் துணி செவ்வாய், புதனில் பாதியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் துணி காய்வதே பாடு. காயாத துணி வண்டிக்கு வராது. வீடுகள் மாதக் கணக்கில் கொடுப்பதால், வரவேண்டியது எப்போதும் கொஞ்சம் வெளியில் நிற்கும். 2020 ஊரடங்கில் பள்ளியும் அலுவலகமும் ஒன்றாக மூடியபோது சில மாதங்கள் வண்டி அசையவே இல்லை. அலுவலகங்கள் திறந்த பின்பும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகியவர்களின் சட்டைகள் முழுதாகத் திரும்பவில்லை.

ஏன் இன்னும் கரி?

கணக்கில் உறுத்துவது அந்த 200 ரூபாய். ஒரு கிலோ கரியில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நான்கு கிலோ என்றால் 32 யூனிட். இதில் துணியை எட்டுவது கொஞ்சம்தான். மீதி மூடி வழியாகவும் துளை வழியாகவும் அவர் முகத்தில் அடிக்கிறது. அதே ஏழே கால் மணி நேர வேலையை 1,000 வாட் மின்பெட்டி செய்தால், சூடு ஏறியதும் அது தானாக நின்று நின்று எரிவதால், 5 யூனிட் ஆகலாம். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும் 50 ரூபாய். நாளுக்கு 150 ரூபாய் மிச்சம். மாதம் 26 நாள் வேலை என்றால் 3,900 ரூபாய். சாம்பலும் இல்லை, திருகும் உண்டு, பெட்டியின் எடையும் பாதிக்கும் கீழே.

அப்படியானால் ஏன் மாறவில்லை என்று கேட்டேன். அவர் வேப்ப மரத்தைக் காட்டினார். "இதுக்கு யார் சார் மீட்டர் குடுப்பாங்க?"

மின் இணைப்பு என்பது ஒரு கட்டடத்துக்கு, ஒரு முகவரிக்குத் தரப்படுவது. நடைபாதை மரத்தடிக்கு முகவரி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுத்தால், வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாக அந்த வீட்டுக்காரர் மின்வாரியத்தின் நடவடிக்கைக்கு ஆளாக நேரலாம். 22 வருடம் பழகியவர்களும் அந்த வம்புக்கு வரமாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் சங்கம் இடமும் பிளக்கும் கொடுத்திருக்கும் இஸ்திரிக்காரர்கள் மின்பெட்டிக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் இவரை விடத் திறமைசாலிகள் இல்லை. சுவருக்கு உள்ளே நிற்கிறார்கள்.

கேஸ் பெட்டி நடுவழி. பெட்டிக்குள் கரிக்குப் பதில் ஒரு சின்ன பர்னர், ரப்பர் குழாயால் சிலிண்டரோடு இணைப்பு. ஐந்தே நிமிடத்தில் சூடாகும், குமிழைத் திருகிச் சூட்டைக் குறைக்கலாம், சாம்பல் கிடையாது. முன்பு பித்தளைத் தேய்ப்புப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்துவந்த தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை இப்போது கேஸ் பெட்டிகளைக் கொடுக்கிறது. வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. முகவரி இல்லாதவருக்கு இது பெரிய விஷயம்.

அண்ணனிடமும் ஒரு கேஸ் பெட்டி இருக்கிறது. மழை நாளில் எடுப்பார். மற்ற நாளில் தெருக்காற்று தீயை அணைத்துவிடுகிறது. அணைந்தது தெரியாமல் நான்கு சட்டை தேய்த்த பிறகுதான் பெட்டி குளிர்ந்தது தெரியும், அதற்குள் கேஸும் வீணாகியிருக்கும். குழாயை வளைத்து வளைத்து வேலை செய்வதால் அது பெட்டியோடு சேரும் இடத்தில் வெடிப்பு விடும். வாரம் ஒருமுறை சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை.

கரிக்கு மாற்று தேடும் இந்தச் சிக்கலை ஒரு பள்ளி மாணவி உலக மேடைக்குக் கொண்டுபோனார். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவில் கொட்டிக் கிடந்த கரியைப் பார்த்து, கூரையில் சூரியத் தகடு வைத்த இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் எர்த்ஷாட் விருதின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். மின்வாரியத்தைக் கேட்காமலே வண்டிக்கு மின்சாரம் என்பதால், முகவரி இல்லாதவரின் சிக்கலை அது நேராகத் தொடுகிறது.

அதன் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அண்ணன் நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா தகடுக்கு வெயில் வேணும். எனக்கு நிழல் வேணுமே" என்றார். ஏழு கிலோ நெருப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவர் மரத்தடியைத் தேடித்தான் வருவார். அந்த நிழல்தான் கூரைத் தகட்டின் எதிரி. மின்பெட்டி வந்துவிட்டால் அனல் குறையும், வெயில் குறையாது. காலையில் வெயிலில் நிறுத்தி மின்கலத்தை ஏற்றிக்கொண்டு நிழலுக்கு வரலாம் என்றால், வண்டி நிற்கவேண்டிய இடங்கள் இரண்டாகின்றன. ஓர் இடத்துக்கே இங்கே உறுதியில்லை.

கதவு மூடிய கடை

கரியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்த தெருவில் படிக்கட்டுக்கு அடியில் ஆறடிக்கு நான்கடி கடை ஒன்று இருக்கிறது. இடம் இருக்கிறது, இணைப்பு இல்லை. அங்கேயும் கரிப் பெட்டிதான். கங்கு புகையே விடாமல் எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. திறந்த தெருவில் காற்று அதை அடித்துப் போய்விடும். மழைக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிய சின்னக் கடையில் அது தங்கும்.

அந்தக் கடைக்காரர் மழை நாளில் மதியத்துக்கு மேல் தலைவலி, குமட்டல் வருவதாகச் சொன்னார். பட்டினியால் வருகிறது என்று நினைத்து டீ குடிக்க வெளியே போவாராம், சரியாகிவிடுமாம். சரிசெய்தது டீ இல்லை, வெளிக்காற்று. கடைக்குள் இருந்தால் வலி, வெளியே வந்தால் தெளிவு என்றால் அதுதான் அறிகுறி. ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பதும், கங்குப் பெட்டியைக் கடைக்குள் விட்டுவிட்டு உள்ளே கண் அயராமல் இருப்பதும் உயிர்ப் பிரச்சினை.

மரத்தடிக்கு ஒரு தாள்

இஸ்திரி வண்டிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் நின்று பொதுமக்களுக்குச் சேவை தருகிறவரையும் தெரு வியாபாரி என்கிறது. உள்ளாட்சி அமைப்பு கணக்கெடுத்துச் சான்றிதழ் தரவேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. 2020-இல் தொடங்கிய தெரு வியாபாரிகளுக்கான பிரதமரின் கடன் திட்டமும் சலவைச் சேவையைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது; தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. மாநிலத்தில் சலவைத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமும் உண்டு.

அண்ணன் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார். தெரு வியாபாரி அட்டை இல்லை. "கணக்கெடுக்க வந்தாங்க. காய்கறி வண்டிக்காரரைத்தான் தேடுனாங்க. நான் வியாபாரி இல்லையே சார், கூலிக்காரன்தானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். அவருக்குக் கிடைக்கவேண்டிய பெட்டி கிடைத்துவிட்டது, இடத்துக்கான தாள்தான் கிடைக்கவில்லை. அரசு பெட்டியை மாற்றித் தந்தாலும், அதை வைத்துத் தேய்க்க ஒரு பிளக்கோ, காற்றுத் தடுப்போ, ஆணி அடித்து நிறுத்திய கூரையோ வேண்டுமானால் முதலில் ‘இங்கே நிற்கலாம்’ என்று யாராவது எழுதித் தரவேண்டும். எரிபொருளைத் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான்.

எதிர்ப்புறம் பழைய வீடு ஒன்று இடிக்கப்பட்டு ஐந்து மாடி எழுகிறது. லாரி திரும்ப வசதியாக வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் என்றால் தெருமுனைக்கு அப்பால். அங்கே மரம் இல்லை. அங்கிருந்து பார்த்தால் இந்த வீடுகளின் பால்கனியும் தெரியாது. பால்கனியில் நின்று ‘அண்ணா, ரெண்டு சட்டை அவசரம்’ என்று குரல் கொடுக்க முடியாத வீடு, இரண்டு மாதத்தில் வாடிக்கையிலிருந்து நழுவிவிடும் என்கிறார் அக்கா.

இரவு எட்டேகால். கடைசி மூட்டை மாடிக்குப் போய்விட்டது. அண்ணன் மூடியைத் திறந்து, மீந்த கங்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடுகிறார். காற்றில்லாமல் தானாக அணையும். தண்ணீர் ஊற்றினால் நாளைக்கு உதவாது. சாம்பலை வேப்ப மரத்தின் வேரில் கொட்டுகிறார். பிறகு சங்கிலியை மரத்தில் சுற்றிப் பூட்டுகிறார். 22 வருடம் சங்கிலி அழுத்திய இடத்தில் பட்டை உள்வாங்கி, மரத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவர் இங்கே நின்றதற்கு இதுவரை உள்ள ஒரே பதிவு அது.